காபி ருசி பார்க்கும் வரிசைக்கு லத்தீன் சதுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான். ஒரு காபித்தூள் கடையில் நான்கு கலவைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிக்கரியே இல்லாத சுத்தக் காபி 'அ'. 15 சதவீதம் சிக்கரி கலந்தது 'ஆ'. 30 சதவீதம் 'இ'. 45 சதவீதம் 'ஈ'. சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதனால் 45க்கு மேல் போகவில்லை. குடிப்பவர்கள் ஒவ்வொரு காபிக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 9 என்றால் ரொம்பப் பிடித்தது, 1 என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை, 5 என்றால் இரண்டும் இல்லை.

நாலு காபியையும் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகக் கொடுத்து மார்க் போடச் சொன்னால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் கலவைக்கு விழும் மதிப்பெண் எது, அது வந்த இடத்துக்கு விழும் மதிப்பெண் எது என்று கடைசிவரை பிரிக்க முடியாது.

முதல் டம்ளருக்கு எப்போதும் ஒரு தனிச் சலுகை உண்டு. வாய் சுத்தமாக இருக்கும், காபி குடிக்கும் ஆசையும் அப்படியே இருக்கும், ஒப்பிட வேறொன்றும் கிடையாது. பெரும்பாலும் மதிப்பெண் கூடித்தான் விழும். நான்காவது வரும்போது நாக்கில் கசப்பு படிந்திருக்கும், கவனமும் தளர்ந்திருக்கும். எல்லோருக்கும் 'அ'வையே முதலில் கொடுத்தால், நூறு பேரைக் கூப்பிட்டாலும் அந்தச் சலுகை நூறு தடவையும் 'அ'வுக்கே போகும். ஆட்களைக் கூட்டுவதால் இந்தத் தவறு குறையாது. அதே தவறு இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

லத்தீன் சதுரம் என்றால் என்ன? லத்தீனுக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

நான்கு நிரை, நான்கு நிரல் கொண்ட ஒரு கட்டம். அதில் நான்கு எழுத்துகளை நிரப்ப வேண்டும். எந்த நிரையிலும் ஓர் எழுத்து ஒரே முறை, எந்த நிரலிலும் ஒரே முறை. சுடோகு போட்டவர்களுக்கு இது பழக்கமானதுதான். சுடோகுவும் லத்தீன் சதுரமே. சிறு கட்டங்களுக்கான நிபந்தனை மட்டும் அதில் கூடுதல். லியோனார்டு ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டங்களை ஆராய்ந்தபோது லத்தீன் எழுத்துகளால் நிரப்பினார். பெயருக்கு அவ்வளவுதான் காரணம்.

ருசி பார்க்கும்போது ஒரு நிரை என்பது ஓர் ஆள். ஒரு நிரல் என்பது அவர் குடிக்கும் இடம்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எழுத்து என்பது கலவை. ஒவ்வோர் ஆளும் நான்கையும் குடித்துவிடுகிறார், ஒவ்வொரு கலவையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வந்துவிடுகிறது. முதல் இடத்துச் சலுகை நான்கு கலவைக்கும் சமமாகப் பங்கு போடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாய வயலில்தான் இது முதலில் பெரிதாகப் பயன்பட்டது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் இதைப் பயிர்ச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தார். வயலின் வளம் வடக்கு தெற்காகவும் மாறும், கிழக்கு மேற்காகவும் மாறும். எந்த உரமும் நல்ல மண்ணில் மட்டுமே விழுந்துவிடக் கூடாது என்பது அங்கே கவலை. இங்கே வயலுக்குப் பதில் நாக்கு.

ஃபிஷர், ஒரு பெண்மணி, எட்டுக் கோப்பை தேநீர் என்று ஒரு கதை உண்டே, அது இதுதானா?

இல்லை, அது வேறு. பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் விஞ்ஞானி ருசித்தே சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. எட்டுக் கோப்பை, நான்கு நான்காக, குலுக்கிப் போட்ட வரிசை. ஒரே ஆள், ஒரே கேள்வி. அதில் சதுரம் எதுவும் கிடையாது.

ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்கி வரிசை முடிவு செய்தால் என்ன? எதற்கு இந்தக் கட்டம்?

ஆட்கள் நிறையப் பேர் இருந்தால் சீட்டுக் குலுக்கலே ஓரளவு சமன் செய்துவிடும். குறைவாக இருந்தால் அதை நம்ப முடியாது. 12 பேர் வருகிறார்கள் என்றால் 'அ' முதலில் வர வேண்டியது மூன்று பேருக்கு. ஆனால் வெறும் குலுக்கலில் 5 பேருக்கோ அதற்கு மேலோ 'அ' முதலில் வந்துவிடும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். ஆறு தடவை சோதனை செய்தால் ஒரு தடவை அப்படி ஆகும். நான்கு கலவைகளில் ஏதாவது ஒன்றுக்கு அப்படி ஆகும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

குலுக்கலை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. எந்தக் கலவைக்கு எந்த எழுத்து, எந்த ஆளுக்கு எந்த நிரை என்பதைக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். சமநிலையை மட்டும் அதிர்ஷ்டத்திடம் விடாதீர்கள்.

24 பேர் கிடைத்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கு காபியைக் குடிக்க மொத்தம் 24 வரிசைகள்தான் உண்டு. ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்துவிட்டால் எல்லாமே சமம், கட்டம் போட வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு நிரையையும் ஓர் இடம் தள்ளித் தள்ளி எழுதினேன். சதுரம் சரியாக வந்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்சினை?

நீங்கள் எழுதியது இப்படி இருக்கும்:

```
அ ஆ இ ஈ
ஆ இ ஈ அ
இ ஈ அ ஆ
ஈ அ ஆ இ
```

லத்தீன் சதுரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 'ஆ'வுக்கு முன்னால் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். 'ஆ' முதலில் வரும் ஒரு நிரையைத் தவிர, மற்ற மூன்றிலும் 'அ'வேதான் முன்னால். அதேபோல 'அ'வுக்கு முன்னால் எப்போதும் 'ஈ'.

காபியில் இது சின்ன விஷயம் இல்லை. 45 சதவீதம் சிக்கரி போட்ட 'ஈ' அடர்த்தியாக, கறுப்பாக, கசப்பாக இருக்கும். அந்தக் கசப்பு வாயில் இருக்கும்போதே சுத்தக் காபியான 'அ'வைக் குடித்தால் அது தண்ணீர் போலவும் லேசாகப் புளிப்பாகவும் தெரியும். அது 'அ'வின் குணம் இல்லை, முந்தைய டம்ளரின் மிச்சம். தள்ளித் தள்ளி எழுதிய சதுரத்தில் இந்த அநியாயம் நான்கில் மூன்று தடவை 'அ'வுக்கே நடக்கிறது. 'இ'யோ எப்போதும் 'ஆ'வுக்குப் பின்னால் சௌகரியமாக வருகிறது. ஆக, இடம் சமமானாலும் அண்டை வீடு சமமாகவில்லை.

இதற்கு 1949இல் ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் ஈ. ஜே. வில்லியம்ஸ் வழி சொன்னார். அவருடைய சதுரம் இது:

```
1ஆம் ஆள்:  அ ஆ ஈ இ
2ஆம் ஆள்:  ஆ இ அ ஈ
3ஆம் ஆள்:  இ ஈ ஆ அ
4ஆம் ஆள்:  ஈ அ இ ஆ
```

இதிலும் ஒவ்வொரு கலவையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வருகிறது. கூடவே, 'அ'வுக்கு அடுத்து ஆ, இ, ஈ மூன்றும் ஒவ்வொரு தடவை வருகின்றன. மற்றவற்றுக்கும் அப்படியே. பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடிய ஜோடிகள் 12. நான்கு நிரையில் அந்த 12ம் ஒவ்வொன்றும் சரியாக ஒருமுறை இருக்கின்றன. விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ருசிச் சோதனைக்குச் சதுரம் போடுபவர் இதைத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. உழைப்பு ஒன்றும் கூடுவதில்லை, லாபம் மட்டும் கூடுகிறது.

அந்தச் சதுரத்தை நானே எப்படி உருவாக்குவது?

கலவைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் மிகச் சுலபம். முதல் நிரையை 1, 2, கடைசி எண், 3, கடைசிக்கு முந்தையது, 4 என்று முன்னும் பின்னுமாக எழுதுங்கள். நான்குக்கு 1 2 4 3. ஆறுக்கு 1 2 6 3 5 4. அடுத்த நிரையில் ஒவ்வோர் எண்ணிலும் ஒன்று கூட்டுங்கள்; கடைசி எண்ணைத் தாண்டினால் மறுபடி 1. அவ்வளவுதான்.

ஒற்றைப்படை என்றால், மூன்று ஐந்து போன்ற சிறிய எண்களுக்கு ஒரே சதுரத்தில் ஜோடிகள் சமமாக அமையாது. இரண்டு சதுரம் போட வேண்டும். ஐந்துக்கு முதல் நிரை 1 2 5 3 4. அதிலிருந்து ஐந்து நிரைகள் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் வலமிருந்து இடமாகத் திருப்பி இன்னும் ஐந்து எழுதுங்கள். மொத்தம் பத்து நிரை, ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை. மூன்றுக்கு இதையே செய்தால் ஆறு நிரை வரும். மூன்று பொருளுக்கு இருக்கும் எல்லா வரிசைகளும் அந்த ஆறுதான்.

கணினியில் வேண்டுமென்றால் பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import random
row = [0, 1, 3, 2]
names = ["அ", "ஆ", "இ", "ஈ"]
random.shuffle(names)
rows = [[names[(x + i) % 4] for x in row] for i in range(4)]
random.shuffle(rows)
for r in rows:
    print(*r)
```

எழுத்துகளைக் குலுக்கலாம், நிரைகளையும் குலுக்கலாம். நிரல்களை மட்டும் குலுக்காதீர்கள். சாதாரண லத்தீன் சதுரத்தில் நிரல்களை இடம் மாற்றினால் ஒன்றும் கெடாது, பல பாடப்புத்தகங்கள் அப்படிச் செய்யவும் சொல்கின்றன. ஆனால் வில்லியம்ஸ் சதுரத்தில் பக்கத்து ஜோடிகளின் சமநிலை அதோடு போய்விடும். பார்க்க இன்னமும் சரியான சதுரம் மாதிரியே இருப்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

எண்களோடு ஒரு தடவை காட்ட முடியுமா? வித்தியாசம் நிஜமாகவே அவ்வளவு பெரிதா?

கையால் கணக்குப் போடத் தோதாக, நான்கே பேர் கொண்ட ஒரு மாதிரிக் கணக்கை நானே அமைத்திருக்கிறேன். மேலே உள்ள சதுரத்தின்படி அவர்கள் போட்ட மதிப்பெண்கள்:

```
1ஆம் ஆள்:  அ7  ஆ8  ஈ4  இ5
2ஆம் ஆள்:  ஆ7  இ6  அ6  ஈ4
3ஆம் ஆள்:  இ8  ஈ4  ஆ6  அ6
4ஆம் ஆள்:  ஈ7  அ4  இ5  ஆ5
```

எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி 5.75. முதலில் நிரல் நிரலாகக் கூட்டுங்கள். முதல் இடத்தின் சராசரி 7.25. அடுத்தடுத்த இடங்களுக்கு 5.5, 5.25, 5. முதல் டம்ளருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டுமே ஒன்றே முக்கால் மதிப்பெண் இறக்கம்.

இப்போது எழுத்து வாரியாகக் கூட்டினால் அ 5.75, ஆ 6.5, இ 6, ஈ 4.75. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வந்திருப்பதால் இந்தச் சராசரிகளில் இடத்தின் பாரபட்சம் இல்லை. 15 சதவீதச் சிக்கரிதான் முந்துகிறது.

இதே நான்கு பேரும் இதே ரசனையோடு அ, ஆ, இ, ஈ என்ற ஒரே வரிசையில் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் இடத்துக்குச் சராசரியைவிட 1.5 கூடுதல், மற்ற இடங்களுக்கு முறையே 0.25, 0.5, 0.75 குறைவு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அ 7.25, ஆ 6.25, இ 5.5, ஈ 4. சுத்தக் காபி அமோக வெற்றி! சிக்கரி கூடக் கூட மதிப்பெண் குறைகிறது என்று அழகான ஒரு கோடும் வரையலாம்.

சரி, ஈ, இ, ஆ, அ என்று திருப்பிக் கொடுத்திருந்தால்? ஈ 6.25, ஆ 6, இ 5.75, அ 5. நான்கில் கடைசியாக வர வேண்டிய காபி முதல் பரிசு வாங்குகிறது. நாக்கும் அதேதான், காபியும் அதேதான். தட்டை எந்தப் பக்கத்திலிருந்து வைத்தோம் என்பது மட்டும் மாறியது.

அப்படியானால் 'ஆ' ஜெயித்தது என்று முடிவு செய்துவிடலாமா?

நான்கு பேரை வைத்து முடியாது. மேலே உள்ள 16 மதிப்பெண்களின் மொத்த ஏற்ற இறக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டால் 29 வரும். இதில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடு 1.5, இடத்தின் பங்கு 12.5, காபியின் பங்கு 6.5. எதிலும் சேராத மீதி 8.5.

காபி நான்கு என்பதால் ஒன்று குறைத்து, காபியின் பங்கை 3ஆல் வகுத்தால் 2.17. மீதியை இந்த அளவுச் சதுரத்துக்குரிய 6ஆல் வகுத்தால் 1.42. விகிதம் 1.5 சொச்சம். வெறும் தற்செயலால் இப்படி வரும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்ல வேண்டுமென்றால் அது 4.76ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. இடத்தைப் பிரிக்காமல் அதையும் மீதியோடு சேர்த்திருந்தால் மீதி 21 ஆகியிருக்கும், விகிதம் ஒன்றுக்கும் கீழே போயிருக்கும். சதுரம் போட்டால் மட்டும் போதாது, கணக்கிலும் இடத்துக்கு ஒரு பங்கு பிரிக்க வேண்டும் என்பது இங்கேதான் தெரிகிறது. பலர் வரிசையைச் சரியாகக் கொடுத்துவிட்டுக் கணக்கில் அதை மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

நிரைகளின் எண்ணிக்கையின் மடங்காக இருக்க வேண்டும். நான்கு கலவைக்கு 12, 24, 48 என்று. ஐந்து கலவைக்குப் பத்தின் மடங்கு. பழகிய நாக்குள்ளவர்கள், தினமும் காபி ருசி பார்ப்பவர்கள் என்றால் 12 பேரிலேயே ஓரளவு சொல்ல முடியும். கடைக்கு வருபவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் 60க்குக் குறையாமல் பாருங்கள். ஒவ்வொரு நான்கு பேருக்கும் சதுரத்தைப் புதிதாகக் குலுக்குங்கள்.

சோதனை அன்றைக்கு டம்ளர், தட்டு எல்லாம் எப்படி ஏற்பாடு செய்வது?

12 பேர், நான்கு காபி என்றால் 48 டம்ளர். ஆளுக்கு ஒரு தடவைக்கு 40 மில்லி போதும். மொத்தம் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டம்ளர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். எழுத்துகளை டம்ளரில் எழுத வேண்டாம். 'அ' என்று பார்த்தாலே அது முதல் என்ற எண்ணம் வந்துவிடும். 417, 862, 295, 738 மாதிரி மூன்று இலக்க எண்களை ஒட்டுங்கள். எந்த எண் எந்தக் கலவை என்ற சாவி ஊற்றுபவரிடம் மட்டும் இருக்கட்டும், பரிமாறுபவரிடம் வேண்டாம்.

நான்கு டம்ளரையும் ஒரே தட்டில் வைத்து நீட்டாதீர்கள். இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இடமிருந்து வலமாக அடுக்கி வைத்தேன். எதிரே உட்கார்ந்தவர் தன் இடமிருந்து குடித்தார். எனக்கு அது வலம். பாதிப் பேருக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. யார் எப்படிக் குடித்தார்கள் என்ற குறிப்பும் இல்லாததால் அந்தத் தாள்களைக் குப்பையில்தான் போட்டேன்.

தட்டில் இன்னொரு சிக்கல், சூடு. நான்கையும் ஒன்றாக ஊற்றினால் நான்காவதைத் தொடும்போது அது ஆறியிருக்கும். சதுரம் அந்த ஆறலையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் யாருக்குமே ஆறின காபி தேவையில்லையே. ஒவ்வொன்றாக, 60 முதல் 65 டிகிரிக்குள் ஊற்றி, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரால் வாய் கொப்பளித்து இரண்டு மூன்று நிமிடம் இடைவெளி. மதிப்பெண் தாளை ஒவ்வொரு காபிக்கும் தனித்தனியாகக் கொடுத்து வாங்கிவிட்டால், முன்னால் போட்டதைத் திருத்தும் ஆசையும் வராது.

எல்லா டிகாக்ஷனையும் ஒரே நேரத்தில் நான்கு பில்டர்களில் இறக்குங்கள். 'அ'வைக் காலை எட்டு மணிக்கும் 'ஈ'யைப் பத்து மணிக்கும் இறக்கினால் டிகாக்ஷனின் வயதும் கலவையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதை எந்தச் சதுரமும் பிரித்துத் தராது.

முதலில் ஒரு சும்மா காபி கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. நடுத்தரமான ஒரு கலவையை எல்லோருக்கும் 'பூஜ்யமாவது' டம்ளராகக் கொடுத்து மதிப்பெண்ணும் வாங்குங்கள், அப்புறம் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். சும்மா காபி என்று குடிப்பவரிடம் சொல்லக் கூடாது. முதல் டம்ளரின் சலுகை பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். ஆனாலும் சதுரத்தைக் கைவிடாதீர்கள். மிச்சமிருக்கும் இறக்கமும், பக்கத்து டம்ளரின் பாதிப்பும் அப்படியேதான் இருக்கும்.

12 பேரைக் கூப்பிட்டேன், 11 பேர்தான் வந்தார்கள். ஒருவர் இரண்டு காபியோடு எழுந்து போய்விட்டார். எல்லாம் வீணா?

வீணில்லை. நிரைகளை நான்கு நான்காகக் கட்டி, வருகிற வரிசையில் கொடுத்துக்கொண்டே வந்திருந்து, எழுந்து போனவரும் கடைசியாக வந்தவர்களில் ஒருவர் என்றால், முதல் எட்டுப் பேர் முழுச் சமநிலையில் இருப்பார்கள். ஓட்டை கடைசிக் கட்டில் மட்டும்தான். ஆளும் இடமும் காபியும் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் எந்தப் புள்ளியியல் மென்பொருளும் இவ்வளவு சின்ன ஓட்டையைச் சமாளிக்கும். வெறும் சராசரி மட்டும் எடுப்பதென்றால் பாதியில் போனவரின் தாளை முழுவதும் விட்டுவிடுங்கள். அவருடைய இரண்டு மதிப்பெண்ணும் முன் இடங்களைச் சேர்ந்தவை, அந்த இரண்டு காபியை மட்டும் தூக்கிவிடும். முடிந்தால் விட்டுப்போன நிரையையே மறுநாள் வேறொருவருக்குக் கொடுத்து நிரப்புங்கள்.

பரிமாறுபவர் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால், திட்டத்தில் இருந்ததை அல்ல, நிஜமாகக் குடித்த வரிசையை எழுதி வையுங்கள்.

வில்லியம்ஸ் சதுரம் போட்டால் முந்தைய காபியின் கசப்பு மிச்சம் போய்விடுமா?

போகாது, சமமாகப் பிரியும். ஒவ்வொரு காபியும் மற்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே எண்ணிக்கையில் வருவதால் யாருக்கும் தனிப்பட்ட நஷ்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் அந்த மிச்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் வாய் கொப்பளிப்பதும் இடைவெளியும் தேவை.

பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இந்தச் சதுரம் உதவும். மேலே கணக்கில் 'அ'வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தபோது 7, 'இ'க்குப் பின் 6, 'ஆ'வுக்குப் பின் 6, 'ஈ'க்குப் பின் 4. சந்தேகப்பட வேண்டிய இறக்கம். ஆனால் அது ஒரே ஆளின் ஒரே டம்ளர். அந்த நான்காவது ஆள் முதல் டம்ளர் தவிர எல்லாவற்றுக்கும் குறைவாகவே போட்டிருக்கிறார். 24 பேர் என்றால் 'ஈ'க்குப் பின் 'அ' ஆறு தடவை வரும். அப்போதும் அதே இறக்கம் தெரிந்தால் இடைவெளியை மூன்றிலிருந்து ஐந்து நிமிடமாக்கி மறுபடி செய்யுங்கள். ஒரு டம்ளர் தள்ளி வரும் பாதிப்பை இந்தச் சதுரம் சமன் செய்வதில்லை. மிளகாய் அதிகமுள்ள பொடி, ஊறுகாய் போன்றவற்றில் எரிச்சல் இரண்டு மூன்று மாதிரி வரைக்கும் தொடரும். அவற்றை ஒரே அமர்வில் நான்கு கொடுப்பதே தவறு. நாளுக்கு இரண்டு கொடுங்கள்.

என்னிடம் ஏழு கலவை இருக்கிறது. ஒருவரால் ஏழு காபி குடிக்க முடியாதே?

எல்லோரும் எல்லாவற்றையும் குடிக்க வேண்டியதில்லை. ஏழு கலவைக்கு அழகான ஒரு அமைப்பு உண்டு. முதல் ஆளுக்கு 1, 2, 4. அடுத்தவருக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி 2, 3, 5. இப்படியே ஏழு பேர் வரை. ஏழைத் தாண்டினால் மறுபடி 1. ஒவ்வொரு கலவையும் முதல், இரண்டாம், மூன்றாம் இடத்தில் ஒவ்வொரு தடவை வந்துவிடும். எந்த இரண்டு கலவையை எடுத்தாலும் ஏதோ ஒரே ஓர் ஆள் அந்த இரண்டையும் குடித்திருப்பார். லத்தீன் சதுரத்தின் நான்கு நிரல்களை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது. அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் யூடன் பெயரால் யூடன் சதுரம் என்பார்கள், பார்க்கச் செவ்வகம்தான் என்றாலும்.

இதில் ஆளுக்கு மூன்று காபிதான் என்பதால் வெறும் சராசரியை ஒப்பிடக் கூடாது. தாராளமாக மதிப்பெண் போடுபவரிடம் போன கலவைக்கு அதிர்ஷ்டம் அடித்துவிடும். ஆட்களின் தாராளத்தைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். பக்கத்து ஜோடிகளும் இதில் சமம் இல்லை: 1க்கு அடுத்து 2 வரும், 2க்கு அடுத்து 1 வராது. அதனால் இன்னும் ஏழு பேரைச் சேர்த்து, அவர்களுக்கு இதே வரிசைகளைத் திருப்பி 4, 2, 1 என்று கொடுப்பது என் வழக்கம்.